வைகறைத் துயிலெழல்

நுழையும்முன்

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படிக்க வேண்டும் என்று கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டு, இரவு பதினொன்றரை மணிக்குப் படுப்போர் பலர். முதல் நாள் எழுந்துவிடுகின்றனர். மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கின்றனர். ஐந்தாம் நாள் அந்த முயற்சியே மறைந்துவிடுகிறது. மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. உண்மையில் அங்கே தோற்றது மன உறுதி அன்று, கணக்கு. அந்தக் கணக்கையும், அதன் பின்னால் உடலுக்குள் நடப்பதையும் விளக்குகிறது இப்பாடம்.

பழைய நாளும் பழைய இரவும்

ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்த தமிழர், பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரையுள்ள பொழுதை வைகறை என்றனர். மருதநிலத்துக்கு உரிய சிறுபொழுது அது. உழவர் எழுந்து வயலுக்குப் புறப்படும் நேரமும் அதுவே. மார்கழித் திங்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஓதப்படுவது இப்பொழுதில்தான். இறைவனைத் துயிலெழுப்பும் திருப்பள்ளியெழுச்சி என்னும் பாடல்வகை தோன்றியதும் இப்பொழுதை ஒட்டியே. இசுலாமியரின் நாள் முதல் தொழுகையாகிய பஜ்ர், கிழக்கு வெளுக்கத் தொடங்கியபின் கதிரவன் எழும்முன் தொழப்படுவது. கிறித்தவத் துறவு மடங்களிலும் விடியலுக்கு முந்தைய வேண்டுதல் நெடுங்காலமாக உண்டு.

இம்மரபுகளைச் சுட்டிக்காட்டி, 'அந்தக் காலத்தில் எல்லாரும் நான்கு மணிக்கே எழுந்தார்கள்' என்று மூத்தோர் கூறுவர். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால், அதன் மறுபாதியைக் கூற மறந்துவிடுகின்றனர். மின்விளக்கு இல்லாத ஊரில் பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உணவு முடிந்து, திண்ணையிலும் முற்றத்திலும் பாய் விரிக்கப்பட்டுவிடும். எட்டு மணிக்குக் கண்ணயர்ந்தவர் நான்கு மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் உறங்கியிருக்கிறார். நான்கு மணி என்பது அந்த உறக்கத்தின் ஒரு முனை. எட்டு மணி அதன் மறுமுனை. இன்றைய மாணவர் இரண்டாம் முனையை மட்டும் பிடித்து இழுக்கின்றனர். முதல் முனை பதினொன்றரையிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை கொண்டது ஒரு முகூர்த்தம். அதாவது 48 நிமிடம். கதிரவன் எழுவதற்கு முன் இரண்டாவதாக வரும் முகூர்த்தமே பிரம்ம முகூர்த்தம் எனப்படுகிறது. எனவே, கதிரவன் 6.00 மணிக்கு எழும் நாளில் அது 4.24 மணிக்குத் தொடங்கி 5.12 மணிக்கு முடியும். சென்னையில் மே மாத இறுதியில் ஏறத்தாழ 5.40 மணிக்கும், சனவரி இறுதியில் ஏறத்தாழ 6.35 மணிக்கும் கதிரவன் எழுகிறது. ஆகவே, இப்பொழுதும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவுக்கு முன்பின்னாக நகர்கிறது. மரபு வழங்கிய நேரம் கடிகார நேரமன்று. கதிரவனைச் சார்ந்த நேரம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னும் பகுதி உள்ளது. அங்கே, இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்புச்செல் தொகுதி இருக்கிறது. உடலின் உறக்கம், விழிப்பு, வெப்பநிலை, சுரப்புகள் ஆகியவற்றை நாள்தோறும் முறைப்படுத்தும் தலைமைக் கடிகாரம் இதுவே. இத்தகைய கடிகாரம் செல்லுக்குள் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈயைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தின் ஒரு சுற்று, பெரும்பாலோர்க்குச் சரியாக 24 மணி நேரம் அன்று. அதைவிடச் சில நிமிடங்கள் மிகுதி. ஆதலால், இது தன்னியல்பில் நாளும் சற்றுப் பின்தங்க விரும்பும். அதைச் சரிசெய்து நாளோடு பொருத்துவது கண்வழி நுழையும் ஒளி. பதின்பருவத்தில் இக்கடிகாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்னோக்கி நகர்வதும் இயற்கை. பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சொக்கி விழுந்த பிள்ளை, பதினாறு வயதில் பத்தரை மணிக்கும் விழித்திருப்பது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ மட்டும் நேர்வதன்று. இதைப் பெற்றோர் அறிந்திருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

கடிகாரம் உறக்கத்துக்கு ஆயத்தமாகும்போது, வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக, பினியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. வெளிச்சம் மிகுந்தால் அச்சுரப்பு தடைப்படும். உடலின் உள்வெப்பநிலையும் படிப்படியாகக் குறைந்து, வழக்கமாக எழும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. இதைத் தாழ்புள்ளி எனலாம். அதன்பின் உடல் மெல்ல வெதுவெதுப்பாகி விழிப்பை நோக்கி வருகிறது.

வைகறையில் எழ விரும்புவோர் நன்கு அறிந்துகொள்ள வேண்டியது இந்தத் தாழ்புள்ளியைத்தான். தாழ்புள்ளிக்குப் பின் கண்ணில் படும் ஒளி, கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தும். மறுநாள் உறக்கமும் விழிப்பும் சற்று முன்னதாக வரும். தாழ்புள்ளிக்கு முன் படும் ஒளியோ, கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஒரே விளக்கு, ஒரே அறை. நேரம் மாறினால் விளைவு நேர்மாறாகிறது.

தேர்வு விடுமுறையில் நள்ளிரவு 12 மணிக்கு உறங்கி 8 மணிக்கு எழுந்து பழகிய மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய தாழ்புள்ளி ஏறத்தாழ காலை 6 மணி. அவர் திடீரென ஒருநாள் 4 மணிக்கு எழுந்து, பளிச்சிடும் குழல்விளக்கின்கீழ் 6 மணி வரை படிக்கிறார். அந்த இரண்டு மணி நேர ஒளியும் தாழ்புள்ளிக்கு முந்தையது. உடலின் கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர் அதிகாலையில் எழவில்லை, நெடுநேரம் கண்விழித்திருக்கிறார். எனவே, அவருடைய கடிகாரம் மேலும் பின்தங்கப் பார்க்கும். எழ வேண்டும் என்று எடுத்த முயற்சியே எழவிடாமல் செய்கிறது.

'அப்படியானால் இன்றே எட்டு மணிக்குப் படுத்துவிட்டால் போகிறது' என்று தோன்றலாம். அதுவும் நடவாது. வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், ஒருநாளில் உறக்கம் மிகவும் அரிதாக வரும் பொழுது. நள்ளிரவில் உறங்குபவர் ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தால், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். படுக்கையில் கிடந்து புரளுவதே ஒரு பழக்கமாகிவிடும் தீங்கும் அதில் உண்டு. ஆகவே, கடிகாரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

முப்பது நாள் கணக்கு

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் இரவு 10.30 மணிக்கு உறங்கிக் காலை 6.30 மணிக்கு எழுபவர். உறக்கம் எட்டு மணி நேரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கூறும் அளவு. எனவே, குறைந்த அளவை அவர் பெற்றுவருகிறார்; அதிலிருந்து ஒரு நிமிடமும் குறைக்க இயலாது. அவர் விரும்புவது 4 மணி. ஆகவே, அவர் சென்றுசேர வேண்டிய உறக்க நேரம் 8 மணி. இரு முனைகளும் இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம் முன்னோக்கி நகர வேண்டும்.

ஒரு படிக்கு 15 நிமிடம் எனப் பத்துப் படிகள். ஒவ்வொரு படியிலும் மூன்று நாள் நிலைத்தல். ஆக முப்பது நாள். இதுவே அவர் குறிப்பேட்டில் எழுதிய திட்டம். தொடங்குவதற்கு முந்தைய வாரம் முழுவதும் எதையும் மாற்றாமல், உறங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் மட்டும் எழுதிவைத்தார். பத்தரை மணிக்கு உறங்குவதாக அவர் நினைத்திருந்த நாள்களில் இரண்டு, உண்மையில் பதினொன்றேகால் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவ்விரு நாள்களையும் முதலில் ஒழுங்குபடுத்திய பின்னரே படியில் கால் வைத்தார்.

சூலை மாதத்தில் தொடங்கியது அவருக்குத் துணைசெய்தது. அப்போது கதிரவன் ஆறு மணிக்குள் எழுந்துவிடும். முதல் மூன்று படிகளில், அதாவது 6.15, 6.00, 5.45 என எழுந்த நாள்களில், எழுந்தவுடன் வாசலுக்கு வந்து கோலமிட்டு அரைமணி நேரம் வெளிச்சத்தில் இருந்தார். கடிகாரம் இணங்கி நகர்ந்தது. நான்காம் படியிலிருந்து இருட்டில் எழவேண்டியிருந்தது. அப்போது அறையின் பெரிய விளக்கை ஏற்றிக்கொண்டார். பின்னர் ஆறு மணி அளவில் மொட்டைமாடிக்குச் சென்று அரைமணி நேரம் அங்கேயே படித்தார். வானம் மூடியிருந்தாலும் வெளியே உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு மிகுதி. ஆதலால், மாடிப்படிப்பை மழை நாளிலன்றி அவர் விடவில்லை.

மாலையில் இதற்கு எதிரான ஏற்பாடு. படுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கூடத்துக் குழல்விளக்கை விட்டு, சிறிய மேசைவிளக்குக்கு மாறினார். கைப்பேசி அம்மாவிடம் சென்றது. ஆறு மணிக்குக் குடித்துவந்த தேநீரையும் நிறுத்தினார். தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபீனில் பாதியளவு, குடித்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழிந்தும் உடலில் நிற்கும். எட்டு மணிக்கு உறங்க விரும்புவோர்க்கு மதிய உணவை ஒட்டிய தேநீரே அன்றைய இறுதித் தேநீர்.

தமிழ்நாட்டின் இருப்பிடமும் இம்முயற்சிக்கு உதவுகிறது என்பதை இங்குக் கூறலாம். கோடையிலும் இங்கு ஏழு மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். சூன் மாதத்து இலண்டனில் கதிரவன் மறையவே ஒன்பது மணி கடந்துவிடும். அங்கு எட்டு மணி உறக்கத்துக்குத் திரைச்சீலை வேண்டும். இங்கோ சித்திரை, வைகாசி மாதங்களில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை இரவு பத்து மணி வரை வெப்பத்தைக் கக்குவதுதான் இடையூறு. உடலின் வெப்பம் தணியாமல் உறக்கம் வராது. அம்மாதங்களில் இம்முயற்சியைத் தொடங்குவது தண்டனை.

ஏழாம் படியில் நேர்ந்தது

ஆறாம் படி வரை தடையில்லை. ஐந்து மணிக்கு எழுந்து ஒன்பது மணிக்கு உறங்கினார். ஏழாம் படியில் 8.45 மணிக்கு உறங்க வேண்டும். அவருடைய தந்தை கடையடைத்து வீடு திரும்புவது 8.30 மணி, 8.45 மணிக்கு அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது அவ்வீட்டு வழக்கம். உணவை விடவும், தந்தையோடு பேசக் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்தை விடவும் அவருக்கு மனமில்லை. எனவே, உறக்கம் 9.30 மணிக்கே வந்தது. அலாரம் மட்டும் திட்டப்படி 4.45 மணிக்கும், மூன்று நாள் கழித்து 4.30 மணிக்கும் ஒலித்தது.

முதல் மூன்று நாளில் நாளொன்றுக்கு 45 நிமிடம். அடுத்த மூன்று நாளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். ஆறே நாளில் இழந்த உறக்கம் 5 மணி 15 நிமிடம். உறக்கக் கடன் இவ்வாறுதான் சேரும். ஒரே இரவில் தெரியாது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பிற்பகுதியில் கனவு உறக்கம் மிகுதி. காலையில் வெட்டப்படும் உறக்கத்தில் பெரும்பங்கு இந்தக் கனவு உறக்கமே. பகலில் கற்றது மனத்தில் பதிந்து நிலைபெறுவதில் இருவகை உறக்கத்துக்கும் பங்குண்டு. உறக்கத்தை வெட்டிப் படிப்பவர், ஒரு கையால் எழுதி மறுகையால் அழிப்பவராகிறார்.

கடன் சேர்ந்ததற்கான அடையாளங்கள் குறிப்பேட்டிலேயே இருந்தன. பேருந்தில் அமர்ந்த சில நிமிடங்களில் கண் சொக்கியது. வேதியியல் வகுப்பில் ஒரே வரியை மும்முறை படிக்க நேர்ந்தது. தம்பியிடம் காரணமின்றிச் சீறினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரை உறங்கினார். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் உடல் உறங்கினால், வார நாள்களில் அதற்கு உறக்கம் போதவில்லை என்பதே பொருள். அவ்வாறு நீண்டு உறங்குவதால் திங்கட்கிழமை எழுவதும் கடினமாகிறது. காலை ஒளி கண்ணில் படாததால் கடிகாரம் மீண்டும் பின்னுக்கு நழுவுகிறது.

குறிப்பேட்டைப் பார்த்த பாட்டி ஒரே சொல்லில் முடித்தார். "எட்டு மணிக்குப் படுக்கிறவளுக்கு ஏழு மணிக்குச் சோறு போடணும், கண்ணு. அலாரம் என்ன பண்ணும்?"

மாணவி ஆறாம் படிக்கே திரும்பினார். ஏழு மணிக்குப் பாட்டியோடு இரவு உணவை முடித்துக்கொண்டார். தந்தையோடு பேசும் அரைமணி நேரம் காலைக்கு மாறியது. அவர் கடைக்குப் புறப்படும் முன் 5.30 மணிக்குக் காபி அருந்துவார். அப்போது மகள் அருகே வந்து அமர்ந்தார். இரவு உணவில் அவரவர் தட்டு தனியாகிவிட்டதில் அம்மாவுக்குச் சிறு வருத்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றாக உண்பது என்று முடிவாயிற்று. இம்மாற்றங்களுக்குப் பிறகு ஆறாம் படியிலிருந்து பத்தாம் படி வரை ஐந்து படிகளுக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. முப்பது நாள் கணக்கு முப்பத்தொன்பது நாளில் முடிந்தது.

நான்கு மணிக்குப் பின்

எழுந்த முதல் கால்மணி நேரம் முதல் அரைமணி நேரம் வரை மூளை முழு விழிப்பை எட்டுவதில்லை. உறக்கத்தின் கனம் இன்னும் தெளியாத அந்நேரத்தில் புதிய கணக்குப் பாடத்தைத் திறப்பவர், தமக்குக் கணக்கு வராது என்று தவறாக முடிவுசெய்வார். வழிபாட்டு மரபுகள் இதை நன்கு அறிந்தவை போலும். முகம் கழுவுதல், நீராடுதல், விளக்கேற்றுதல், நிமிர்ந்து அமர்தல், வாய்விட்டு ஓதுதல், கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ நடந்துசெல்லுதல் ஆகிய எல்லாம் அந்த அரைமணி நேரத்தைக் கடக்க உதவும் செயல்கள். படிப்பதற்காக எழுபவரும் முதலில் முந்தைய நாள் எழுதியதை வாய்விட்டுப் படிக்கலாம். அல்லது பார்த்து எழுதலாம். படுக்கையில் சாய்ந்தபடி படிப்பது மட்டும் ஆகாது. பத்து நிமிடத்தில் புத்தகம் மார்பின்மேல் கிடக்கும்.

அம்மாணவிக்கு 4.30 முதல் 6 மணி வரை கிடைத்தது ஒன்றரை மணி நேரம். இரவில் அவர் விட்டது 8 மணி முதல் 10.30 மணி வரையிலான இரண்டரை மணி நேரம். மணிக்கணக்கில் அவர் எதையும் புதிதாகப் பெறவில்லை. நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான். தொலைக்காட்சியின் ஒலியும், தெருவின் பேச்சும், பகல் முழுதும் படித்த களைப்பும் கலந்த நேரத்தைக் கொடுத்து, அமைதியான நேரத்தை வாங்கினார். வீட்டில் இரவே அமைதியாக இருப்பின், இப்பரிமாற்றத்தால் பெரும்பயன் இல்லை. அண்டைவீட்டுத் திருமணம், ஊர்த்திருவிழா என்று இரவு பதினொரு மணி ஆன நாள்களில் அவர் நான்கு மணிக்கு எழவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, வாய்த்தால் மதியத்தில் இருபது நிமிடம் கண்ணயர்ந்தார். இசுலாமிய மரபில் நண்பகல் சிறுதுயிலுக்குக் கைலூலா என்று பெயரே உண்டு. மூன்று மணிக்கு மேல் நீளும் பகலுறக்கம் அன்றைய இரவைக் கெடுக்கும்.

எட்டு மணிக்கு உறங்க இயலாத வீடுகள் உண்டு. ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டில், மாலைப் பணிக்குச் செல்லும் மாணவரின் வீட்டில், எட்டு மணி என்பது எட்டாத மணி. அத்தகையோர் ஒன்பதரை மணிக்கு உறங்கி ஐந்தரை மணிக்கு எழுவதே முறை. நான்கு மணி என்னும் எண்ணுக்குத் தனி ஆற்றல் இல்லை. அலாரம் ஒலிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே தானாக விழிப்பு வருகிறதா, நண்பகல் வகுப்பில் கண் சொக்காமல் இருக்கிறதா என்னும் இரண்டையும் பார்த்துத் தமக்குரிய மணியை ஒவ்வொருவரும் கண்டுகொள்ளலாம். அம்மாணவிக்கு அவ்விழிப்பு முதன்முதலில் வந்தது நாற்பத்து நான்காம் நாள், 3.52 மணிக்கு.

கற்பவை கற்றபின்

1. எதையும் மாற்றாமல் ஒரு வாரம் உறங்கிய நேரம், எழுந்த நேரம், பகலில் கண் சொக்கிய நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. உங்களுடைய தாழ்புள்ளி ஏறத்தாழ எத்தனை மணி எனக் கணக்கிடுக.

2. உங்கள் வீட்டு மூத்தோர் ஒருவரிடம், அவருடைய பள்ளிப் பருவத்தில் இரவு உணவு எத்தனை மணிக்கு முடிந்தது, விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்று கேட்டு எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.